அரிசி மாவில் கிலோவுக்கு 20 ரூபா நட்டம் என்கிறார் கணக்காளர். நிறுத்திவிடலாமா?

இணுவில்_மில்

வணக்கம். இணுவிலில் சின்ன அளவில் மாவும் தூளும் செய்து பக்கெற்றில் விற்கிறோம். அப்பா தொடங்கிய தொழில், இப்போது நான் பார்க்கிறேன். மூன்று பொருள்கள்: கறித்தூள், வறுத்த அரிசி மா, மிளகாய்த்தூள்.

கடைக்குக் கொடுக்கும் விலையில் சாமான், காஸ், பக்கெற் செலவைக் கழித்தால் ஒரு கிலோவில் மிஞ்சுவது இவ்வளவு: கறித்தூள் 1500 ரூபாவில் 600, அரிசி மா 420 ரூபாவில் 180, மிளகாய்த்தூளில் 250. மாதத்தில் கறித்தூள் 1500 கிலோ, அரிசி மா 4800 கிலோ, மிளகாய்த்தூள் 700 கிலோ போகிறது. சம்பளம், வாடகை, லீசிங், கறண்ட், வான் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 14 லட்சம்.

கணக்காளர் இந்த 14 லட்சத்தை 7000 கிலோவால் பிரித்துக் கிலோவுக்கு 200 ரூபா என்று போட்டார். அப்படிப் பார்த்தால் கறித்தூளில் 400 ரூபா இலாபம், அரிசி மாவில் 20 ரூபா நட்டம். கொழும்பில் ஒரு ஏற்றுமதி முகவர் எவ்வளவு கறித்தூள் என்றாலும் 1500 ரூபாவுக்கு எடுப்பதாகச் சொல்கிறார். ஆகவே அரிசி மாவை விட்டுவிட்டுக் கறித்தூளைக் கூட்டச் சொல்கிறார் கணக்காளர். அப்பாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை, ஆனால் ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வணிகப்பிரிவு

உயர்தரத்துக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். அப்பாவின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது, தங்கச்சி. அந்த 14 லட்சம் மேந்தலைச் செலவைக் கிலோவுக்குப் பகிர்ந்தது பிழை. ஒரு கிலோ கறித்தூளுக்குப் போகும் வேலையும் ஒரு கிலோ மாவுக்குப் போகும் வேலையும் ஒன்றா? எந்த மெசின் அதிகம் ஓடுகிறதோ அதன் நேரத்தின்படி பகிர்ந்தால் சரியான கிரயம் வந்துவிடும். மெசின் நேர விபரத்தைத் தாருங்கள், போட்டுக் காட்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை

பகிர்வதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் இடத்தில் சாமான் எந்த மெசினுக்கு முன்னால் குவிந்து கிடக்கிறது? எந்த மெசின் சாமான் வரும்வரை சும்மா நிற்கிறது?

இணுவில்_மில்

குவிவது வறுக்கிற மெசினுக்கு முன்னால்தான். இடித்த ஈர மா தாச்சிகளில் காத்துக் கிடக்கும், பின்னேரம் ஆகிவிட்டால் புளித்த மணம் வரத் தொடங்கும். அரைக்கிற மெசின் நாளுக்கு மூன்று மணித்தியாலம் சும்மா நிற்கிறது. பக்கெற் போடும் அக்காமாரும் மத்தியானத்துக்குப் பிறகு சாமானுக்காகக் காத்திருப்பார்கள். மிளகாய்த்தூள் வெயிலில் காயவிட்டு அரைப்பது, அதற்கு வறுக்கிற மெசின் தேவையில்லை.

வறுக்கும் நேரம்: கறித்தூளில் 10 கிலோவுக்கு 40 நிமிடம். மல்லி, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட முடியாது. மல்லி பதமாக வருவதற்குள் வெந்தயம் கருகிவிடும். ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்க வேண்டும். மா அப்படியில்லை, 20 கிலோ 20 நிமிடத்தில் முடியும். மாதத்துக்கு 180 மணித்தியாலம் மெசின் உருளையில் சாமான் ஓடுகிறது, அதற்குமேல் இப்போதைக்கு முடியாது.

கணக்குப்பிள்ளை

இனிக் கணக்குப் போடலாம். கொழும்பில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் கிரயக் கணக்குப் பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். இந்தக் கேள்வி அங்கேயும் அடிக்கடி வரும்.

180 மணித்தியாலம் என்றால் 10,800 நிமிடம். கறித்தூள் கிலோவுக்கு 4 நிமிடம், அரிசி மா கிலோவுக்கு 1 நிமிடம். நீங்கள் இப்போது செய்யும் 1500 கிலோ கறித்தூளுக்கு 6000 நிமிடமும் 4800 கிலோ மாவுக்கு 4800 நிமிடமும் போகிறது. ஒரு நிமிடம் மிச்சமில்லை. இதுதான் உங்கள் தொழிலின் இடுக்கு. மாதத்தில் எவ்வளவு காசு உள்ளே வரலாம் என்பதை இந்த ஒரு மெசின்தான் தீர்மானிக்கிறது.

ஆகவே ஒரு கிலோவில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்காதீர்கள். வறுக்கிற மெசினின் ஒரு நிமிடத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். கறித்தூளில் 600 ரூபாவுக்கு 4 நிமிடம், அதாவது நிமிடத்துக்கு 150 ரூபா. மாவில் நிமிடத்துக்கு 180 ரூபா. நட்டம் என்று சொல்லப்பட்ட பொருள்தான் அந்த மெசினில் கூட உழைக்கிறது.

கணக்காளர் சொன்னபடி மாவை நிறுத்தினால் 4800 நிமிடம் கிடைக்கும். அதில் 1200 கிலோ கறித்தூள் செய்யலாம், 7 லட்சத்து 20 ஆயிரம் வரும். இழப்பது மாவில் வந்த 8 லட்சத்து 64 ஆயிரம். 14 லட்சம் செலவு அப்படியே இருக்கும், ஏனென்றால் வாடகைக்காரர் நீங்கள் மா செய்கிறீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. இப்போது மாதம் 5 லட்சத்து 39 ஆயிரம் மிஞ்சுகிறது, அப்புறம் 3 லட்சத்து 95 ஆயிரம்தான் மிஞ்சும். 1 லட்சத்து 44 ஆயிரம் குறைவு.

நட்டம் அத்தோடு நிற்காது. மாவை நிறுத்தினால் மொத்தம் 3400 கிலோ. அதே 14 லட்சத்தைப் பிரித்தால் கிலோவுக்கு 412 ரூபா ஏறும். அப்போது 250 ரூபா மிஞ்சும் மிளகாய்த்தூள் 162 ரூபா நட்டம் காட்டும். அதையும் நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தினால் வறுக்கிற மெசினில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது, மாதம் 1 லட்சத்து 75 ஆயிரம் மட்டும் போய்விடும். எந்தப் பொருளிலும் பழுது இல்லாதபோதும், பகிர்கிற முறையே ஒவ்வொன்றாக வெட்டிவிடும்.

வணிகப்பிரிவு

ஐயா சொல்வது மட்டுப்படுத்தும் காரணியின் ஓரலகுக்குப் பங்களிப்பு, அதாவது தட்டுப்பாடாக இருக்கும் வளத்தின் ஒரு அலகில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது. நாங்கள் வகுப்பில் செய்வதுதான். ஆனால் நான் சொன்னபடி வறுக்கும் நிமிடத்தால் பகிர்ந்தாலும் அதே விடை வர வேண்டுமே. 14 லட்சத்தை 10,800 ஆல் பிரித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 ரூபா. கறித்தூளுக்கு 520, மாவுக்கு 130. இலாபம் கறித்தூளில் 80, மாவில் 50. மாவில் நட்டம் இல்லை என்று வந்துவிட்டது பாருங்கள்.

கணக்குப்பிள்ளை

நட்டம் போய்விட்டது, ஆனால் வரிசை மாறவில்லையே சேர். கறித்தூள் 80, மா 50 என்று பார்க்கிற முதலாளி என்ன செய்வார்? கறித்தூளைத்தான் கூட்டுவார். அதே பிழைதான். மிளகாய்த்தூளுக்குச் செலவில் பங்கே விழாததால் அது 250 ரூபா முழு இலாபம் என்று நிற்கும், அதுவும் உண்மையான படம் அல்ல. எவ்வளவு நேர்த்தியாகப் பகிர்ந்தாலும் கடைசியில் கிலோவுக்கு எவ்வளவு என்று பார்த்தால் இடுக்கு கண்ணுக்குத் தெரியாது.

நீங்கள் சொன்ன பங்களிப்புக் கணக்கு கிட்டத்தட்ட இதுதான், ஒத்துக்கொள்கிறேன். பெரிய வித்தியாசம் கூலியில் இருக்கிறது. பாடத்தில் பொருளைச் செய்கிறவர்களின் நேர்க்கூலியை, உற்பத்தியோடு கூடிக் குறையும் மாறுங் கிரயமாகக் கழித்துவிடுவோம். இந்த முறையை 1980களில் கொண்டுவந்த இஸ்ரேலியப் பௌதிகவியலாளர் எலியாஹு கோல்ட்ராட் கூலியைக் கழிக்கவில்லை. ஒரு கிலோ குறைவாகச் செய்தாலும் மாதச் சம்பளம் குறையாது என்பதால் அது வாடகையோடு போய்ச் சேர்ந்துவிடும். விற்றால் மட்டும் எழுகிற செலவைத்தான் விலையிலிருந்து கழிக்க வேண்டும்.

இணுவில்_மில்

எங்கள் பக்கெற் போடும் அக்காமாரில் சிலர் மாதச் சம்பளம், சிலருக்குப் பக்கெற் கணக்கில் கொடுக்கிறோம். அப்போது?

கணக்குப்பிள்ளை

பக்கெற் கணக்கில் கொடுப்பதை நிச்சயமாகக் கழிக்க வேண்டும், அது சாமான் செலவு மாதிரித்தான். மாதச் சம்பளத்தைக் கழிக்கக் கூடாது. அந்தக் கூலி 14 லட்சத்துக்குள் இருந்தால் அங்கிருந்து எடுத்து இங்கே போடுங்கள். கறித்தூளும் மாவும் ஒரே அளவு பக்கெற் என்றால் இரண்டிலும் கிலோவுக்கு ஒரே தொகை குறையும். கிலோவுக்கு 15 ரூபா குறைந்தால் மாவுக்கு நிமிடத்துக்கு 165, கறித்தூளுக்கு 146. வரிசை மாறாது, இடைவெளி சுருங்கும். 40 ரூபாவுக்கு மேல் போனால் வரிசையே மாறிவிடும், அதனால் இதைச் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெதுப்பகத்தார்

எனக்கு மானிப்பாய்ப் பக்கம் வெதுப்பகம். இதை வாசித்துவிட்டு என் போறணையை இடுக்காக வைத்து எல்லாவற்றுக்கும் நிமிடக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பணிஸ்தான் முதலிடம். அப்படியானால் பாணைக் குறைத்துப் பணிஸைக் கூட்டவா? மெதுவாக வேலை செய்வது போறணைதான், ஒரு தட்டு வேக அரை மணித்தியாலம் பிடிக்கும்.

கணக்குப்பிள்ளை

மெதுவான மெசின் எல்லாம் இடுக்கு அல்ல. உங்கள் போறணை ஒரு நாளில் எவ்வளவு நேரம் வெறுமையாக இருக்கிறது?

வெதுப்பகத்தார்

காலை ஆறரைக்குப் பிறகு பின்னேரம் வரைக்கும் சும்மாதான். சுட்ட பாணே சில நாள் மிஞ்சுகிறது.

கணக்குப்பிள்ளை

அப்படியென்றால் உங்கள் இடுக்கு போறணை அல்ல, சந்தை. உங்களுக்கு நிமிடக் கணக்கால் பலன் இல்லை, ஏனென்றால் நிமிடம் உங்களிடம் தாராளமாக இருக்கிறது. பாணைக் குறைத்தால் அது இழப்பு மட்டும்தான், பணிஸுக்கு இடம் ஏற்கனவே இருக்கிறது. மா, மாஜரின், விறகு, பை இவற்றின் செலவுக்கு மேல் எந்தப் புது ஓடர் வந்தாலும் அது கையில் காசு. கல்யாண வீட்டு ஓடர், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை, எதுவென்றாலும் பகல் நேரத்துக்குப் பிடியுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: இப்போது முழு விலைக்கு வாங்குகிறவர்கள் அந்தக் குறைந்த விலையைக் கேள்விப்பட்டுத் தங்களுக்கும் கேட்கும்படி ஆகக் கூடாது.

பேரேடு

நான் வெளிக் கணக்காய்வில் வேலை செய்கிறேன். இந்த இழையில் சொல்லப்படுவது எனக்குக் கவலையாக இருக்கிறது. வாடகையும் சம்பளமும் யாருடைய பொறுப்பும் இல்லை என்று விட்டுவிட்டு, சாமான் செலவுக்கு மேல் வந்தால் எல்லாம் இலாபம் என்றால், ஒரு வருடத்தில் கடையைப் பூட்ட வேண்டி வரும். ஒவ்வொரு பொருளும் தன் பங்கைச் சுமக்க வேண்டும். இன்னொன்று, வருட முடிவில் விற்காமல் இருக்கும் சாமான் கையிருப்பை இலங்கைக் கணக்கீட்டு நியமம் LKAS 2 இன்படி மதிப்பிட வேண்டும். அதில் உற்பத்தி மேந்தலையை, நிலையானது உட்பட, சாதாரணக் கொள்ளளவின் அடிப்படையில் கையிருப்பில் ஏற்றியே ஆக வேண்டும். சாமான் செலவில் மட்டும் கையிருப்பைக் காட்டினால் நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம்.

கணக்குப்பிள்ளை

LKAS 2 பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. வங்கிக்கும் இறைவரிக்கும் போகிற கணக்கில் பகிர்வு இருந்தே தீர வேண்டும். தங்கச்சி, அந்தக் கணக்கில் கை வைக்க வேண்டாம். ஆனால் வருட முடிவில் கையிருப்பை மதிப்பிடும் கணக்கும், நாளைக் காலையில் உருளையில் எதைப் போடுவது என்ற கணக்கும் வேறு வேறு. அந்தப் பகிர்வு முறையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. விற்காத கறித்தூளைச் செய்து களஞ்சியத்தில் அடுக்கினாலும் அந்த மாத மேந்தலையில் ஒரு பங்கு கையிருப்பில் ஏறிக்கொள்ளும், இலாபம் கூடியதாகக் காட்டும். கையில் காசு குறைந்திருக்கும். நான் சொல்லும் முறையில் சாமான் விற்றால்தான் வரவு.

வாடகையை யார் கட்டுவது என்ற கேள்விக்கும் மறுமொழி உண்டு. சேர் மேலே போட்ட அதே 130 ரூபாவைப் பாருங்கள். அதை எந்தப் பொருளின் தலையிலும் கட்டாமல் மெசினின் நிமிடச் செலவாகவே வைத்திருங்கள். மிளகாய்த்தூளை ஒரு பக்கம் வைத்துவிட்டால், வறுக்கிற மெசின் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 130 ரூபா உழைக்க வேண்டும், இல்லாவிட்டால் 14 லட்சம் வராது. மா 180, கறித்தூள் 150, இரண்டும் தாண்டி நிற்கின்றன. மல்லி விலை ஏறிக் கறித்தூளில் 500 ரூபாதான் மிஞ்சுகிறது என்றால் நிமிடத்துக்கு 125 ஆகிவிடும். முழு மாதமும் அதையே ஓடவிட்டால் 13 லட்சத்து 50 ஆயிரம்தான் வரும், செலவு கட்டாது. அந்த எச்சரிக்கை இந்தக் கணக்கிலும் வருகிறது.

பேரேடு

ஒரு மாதத்துக்குச் சரி. ஐந்து வருடத்துக்கு விலை வைக்கிறபோது? மெசின் பழுதாகும், புது மெசின் வேண்டும். அந்தக் காசை எந்தப் பொருளின் விலையில் எடுப்பீர்கள்? இதற்கு நிமிடக் கணக்கு மறுமொழி சொல்வதாக எனக்குத் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை

நீண்ட கால விலைக்கு இது மட்டும் போதாது என்பதை நானும் மறுக்கவில்லை. கொள்ளளவைக் கூட்டுவதா, ஒரு பொருளை முற்றாக விடுவதா என்கிறபோது 14 லட்சத்தில் எதெல்லாம் உண்மையில் குறையும் என்று தனியாகப் பார்க்க வேண்டும். அதற்காகக் கிலோவுக்கு 200 என்று பிரித்துப் போடுவது சரியாகிவிடாது.

இணுவில்_மில்

வறுக்கிற மெசின் இன்னொன்று லீசிங்கில் எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். லீசிங் மாதம் 95 ஆயிரம், ஓட்ட ஒரு ஆளுக்குச் சம்பளம் 60 ஆயிரம்.

கணக்குப்பிள்ளை

அதற்கு முதல் இருக்கிற மெசினில் நேரம் எங்கே போகிறது என்று ஒரு கிழமை பக்கத்தில் நின்று எழுதுங்கள். எத்தனை தரம் கழுவுகிறீர்கள்? சாப்பாட்டு நேரத்தில் நிற்கிறதா?

இணுவில்_மில்

எழுதிப் பார்த்தேன். செத்தல் மிளகாய் வறுத்த பிறகு மாவைப் போட்டால் மாவில் கார்ப்பு மணம் ஏறிவிடும், அதனால் இடையில் கழுவிக் காயவிட வேண்டும். ஓடர் வருகிற ஒழுங்கில் செய்வதால் சில நாள் மூன்று தரம் கழுவுகிறோம். காலையில் மா முழுவதையும் முடித்துவிட்டுப் பிறகு சரக்கு வறுத்தால் இரவு ஒரு தரம் கழுவினால் போதும். நாளுக்கு ஏறத்தாழ 30 நிமிடம் மிஞ்சுகிறது, 25 வேலை நாளில் 750 நிமிடம். மாவை முதலில் முடிப்பதால் தாச்சியில் புளிப்பதும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் மெசினை ஓடவிட மாற்று ஆள் வேண்டும். வறுக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார், அது இன்னும் தீரவில்லை.

கணக்குப்பிள்ளை

750 நிமிடத்தைக் கறித்தூளின் 150 ரூபாவால் பெருக்கினாலே 1 லட்சத்து 12 ஆயிரத்து 500. ஒரு சதம் லீசிங் இல்லாமல் வந்தது.

இன்னொன்றும் பாருங்கள். 10 கிலோ கறித்தூள்ச் சரக்கு கருகிவிட்டால் சாமான் காசு 9000 போய்விட்டது என்று எழுதுவீர்கள். போனது அது மட்டுமல்ல. அந்த 40 நிமிடத்தைத் திரும்ப வாங்க முடியாது, அது 6000 ரூபா. மொத்தம் 15,000, விற்றிருந்தால் வந்திருக்கும் முழுக் காசும். அதுவே பூஞ்சணம் பிடித்த மல்லியை வறுக்கிறதற்கு முன்னால் கண்டுபிடித்து எறிந்தால் அந்த மல்லியின் விலைதான் நட்டம். ஆகவே புடைக்கிறதும் பழுதானதைத் தெரிந்தெடுப்பதும் மெசினுக்கு முன்னால் நடக்க வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு சும்மா இருக்கும் அக்காமாரை அந்த வேலைக்கு விடலாம், அவர்களின் நேரத்துக்கு நீங்கள் ஏற்கனவே காசு கொடுத்துவிட்டீர்கள்.

வணிகப்பிரிவு

இரண்டாவது மெசின் வந்தால் இடுக்கு அரைக்கிற மெசினுக்குப் போய்விடாதா? அது நாளுக்கு மூன்று மணித்தியாலம்தானே ஓய்வாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

போகும். இரண்டு மடங்கு வறுத்தாலும் அரைக்க முடிகிற அளவுக்குத்தான் விற்கலாம், மிச்சம் அரைக்கிற மெசினுக்கு முன்னால் குவியும். அதோடு அப்போது வரிசையும் புதிதாகப் பார்க்க வேண்டும், மிளகாய்த்தூளும் அந்த மெசினில் நேரம் கேட்கும். மாதம் 1 லட்சத்து 55 ஆயிரம் கூடுதல் செலவுக்குக் கையெழுத்துப் போட முன்னால் ஒவ்வொன்றும் அரைக்க எத்தனை நிமிடம் என்று எடுத்து வைத்திருங்கள்.

இணுவில்_மில்

அரைக்கும் நேரத்தை இனித்தான் எடுக்க வேண்டும். முகவரோடு கதைத்தேன். 1500க்கு முடியாது என்றதும் 1580 தருவதாகச் சொல்கிறார். மாதம் 500 கிலோ கேட்கிறார். கொடுக்கலாமா? கடைகள் மா இன்னும் 300 கிலோ எடுப்பார்கள், அதற்கு மேல் இல்லை.

கணக்குப்பிள்ளை

1580 என்றால் கிலோவில் 680 மிஞ்சும், நிமிடத்துக்கு 170. மாவின் 180ஐ விடக் குறைவு. மாவைக் குறைத்துக் கறித்தூள் கொடுக்க வேண்டுமென்றால் 1620க்குக் கீழே இறங்க வேண்டாம், அங்கேதான் இரண்டும் சமம். ஆனால் மிச்சம் பிடித்த 750 நிமிடத்தில் 300 நிமிடம் கூடுதல் மாவுக்குப் போகட்டும். மிஞ்சும் 450 நிமிடத்தில் 110 கிலோ கறித்தூள் செய்யலாம், அதை 1580க்குத் தாராளமாகக் கொடுங்கள். 500 கிலோவுக்கு ஒத்துக்கொண்டால் பழைய 1500 ரூபாக் கடைகளுக்கான கறித்தூளில் கை வைக்க வேண்டி வரும். கணக்கில் அது ஆதாயம், 170 எதிர் 150. ஆனால் அந்தக் கடைகள்தானே உங்கள் மாவையும் எடுக்கின்றன? கறித்தூள் இல்லை என்று சொன்னால் மாவையும் வேறு இடத்தில் வாங்கத் தொடங்குவார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இணுவில்_மில்

அநேகமான கடைகள் இரண்டையும் சேர்த்தே எடுக்கின்றன. இப்போதைக்கு 110 கிலோ என்று சொல்கிறேன். முகவர் அவ்வளவு குறைவாக எடுப்பாரா என்று கேட்க வேண்டும்.

பேரேடு

கேட்கும்போது காசு எத்தனை நாளில் தருவார் என்றும் கேளுங்கள். கடைக்காரர் கிழமையில் தருகிறார், ஏற்றுமதி முகவர் 60 நாள் கேட்டால் அந்த 170 ரூபா வேறு கணக்கு.